விற்காமல் மிஞ்சிய சீனிக்கு என்ன விலை போடுவது?

உச்சமுனையில் கடை வைத்திருப்பவருக்குச் சாமான் எல்லாம் கற்பிட்டியிலிருந்து படகில்தான் வந்து சேர வேண்டும். அரிசி, மா, சீனி, பருப்பு, தேங்காயெண்ணெய், பற்றரி, தூண்டில் முள், நூல் என்று எதை வாங்கினாலும் சந்தை விலையோடு படகுக் கூலியும் நாட்டாமைக் கூலியும் சேர்ந்துகொள்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர் கணக்கு முடிக்கும்போது விற்ற பணம் எவ்வளவு என்பது கொப்பியில் இருக்கும். வாங்கிய சாமானுக்குக் கொடுத்த பணம் சிட்டைகளில் இருக்கும். ஆனால் கடையின் மூலையில் விற்காமல் நிற்கும் மூட்டைகளுக்கு என்ன பெறுமதி எழுதுவது என்ற இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சிலர் இன்றைய விற்பனை விலையை எழுதிவிடுகிறார்கள். சிலர் மனதில் தோன்றும் ஒரு தொகையை எழுதுகிறார்கள். இலாபம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அந்த ஒரு எண்ணே தீர்மானிக்கிறது என்பதை அவர்கள் அறிவதில்லை.

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு சாமானை, அதாவது சீனியை, எடுத்துக்கொள்வோம். இதில் வரும் எண்கள் எந்தவொரு கடையின் கணக்கும் அல்ல. பல கடைகளில் கண்ட நிலைமையை வைத்து, மனக்கணக்காகப் போட்டுப் பார்க்க வசதியாக நானே அமைத்தவை. ஆனால் காலம் உண்மையானது: 2022ஆம் ஆண்டின் மார்ச் முதல் ஜூன் வரை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மாற்று, மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. வெளிநாட்டிலிருந்து வரும் சீனியும் மாவும் பருப்பும் ஒவ்வொரு கிழமையும் புதிய விலை காட்டின. விலை அசையாமல் நிற்கும் காலத்தில் எந்த முறையில் கணக்கிட்டாலும் ஒரே விடைதான் வரும். விலை ஓடும் காலத்தில்தான் முறைக்கு முறை விடை மாறும். ஆகவே இந்தப் பாடத்தைப் படிக்க அந்த நான்கு மாதங்களைவிடப் பொருத்தமான காலம் கிடையாது.

மூன்று கொள்வனவுகள்

இரண்டு மைத்துனர்மார் சரிபாதிப் பங்கில் ஒரு கடை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் சீனி வாங்கியதும் விற்றதும் இவ்வாறு:

முதலில் 50 கிலோ மூட்டை 4 வாங்கினார்கள். மூட்டை ரூ. 6,750; படகுக்கும் நாட்டாமைக்கும் மூட்டைக்கு ரூ. 250. எனவே கடையில் இறங்கும்போது மூட்டை ரூ. 7,000, கிலோ ரூ. 140. மொத்தம் 200 கிலோ, ரூ. 28,000. இதில் 150 கிலோவை ரூ. 160 வீதம் விற்றார்கள்.

இரண்டாவது தடவை 4 மூட்டை. மூட்டை ரூ. 9,100, கூலி ரூ. 400. கிலோ ரூ. 190. மொத்தம் 200 கிலோ, ரூ. 38,000. அதன்பின் 150 கிலோவை ரூ. 220 வீதம் விற்றார்கள்.

மூன்றாவது தடவை 2 மூட்டைதான் வாங்க முடிந்தது. மூட்டை ரூ. 12,400, கூலி ரூ. 600. கிலோ ரூ. 260. மொத்தம் 100 கிலோ, ரூ. 26,000. அதன்பின் 50 கிலோவை ரூ. 300 வீதம் விற்றார்கள்.

ஆக, வாங்கியது 500 கிலோ, அதற்கான கிரயம் ரூ. 92,000. விற்றது 350 கிலோ, வந்த பணம் ரூ. 72,000. மிச்சம் 150 கிலோ.

இங்கே கூலியைச் சேர்த்தே கிரயம் கணக்கிட்டிருப்பதைக் கவனியுங்கள். சரக்கைக் கடைக்குள் கொண்டுவந்து சேர்க்கும் வரை ஆன செலவெல்லாம் அதன் கிரயமே. கற்பிட்டிக் கடைக்காரர் தந்த சிட்டையில் உள்ள விலையை மட்டும் எடுத்து, படகுக் கூலியை வேறு பக்கத்தில் ‘செலவு’ என்று எழுதிவிட்டால், விற்காத சீனிக்கான கூலியும் விற்ற சீனியின் இலாபத்திலிருந்து கழிந்துவிடும். தீவுக் கடைகளில் இது சிறிய தொகை அல்ல. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவானபோது, படகுச் செலவு எப்படி ஏறியிருக்கும் என்பதை இந்தக் கரையில் உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது கேள்வி இதுதான். ரூ. 92,000 என்ற கிரயத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: விற்ற 350 கிலோவுக்கு ஒரு பகுதி, மிஞ்சிய 150 கிலோவுக்கு மறு பகுதி. மிஞ்சியதற்கு ஒரு ரூபா கூடுதலாக எழுதினால், விற்றதற்கு ஒரு ரூபா குறையும். இலாபம் ஒரு ரூபா கூடும். இரண்டு தட்டுள்ள தராசு போன்றது இது.

முதலில் வந்தது முதலில் போகும் முறை

இம்முறையில், முதலில் வந்த சரக்கே முதலில் விற்கப்பட்டது என்று கொள்கிறோம். விற்ற 350 கிலோவில் முதல் 200 கிலோ ரூ. 140 வீதம் வாங்கியது. அதன் கிரயம் ரூ. 28,000. அடுத்த 150 கிலோ ரூ. 190 வீதம் வாங்கியது, ரூ. 28,500. இரண்டும் சேர்ந்து விற்பனைக் கிரயம் ரூ. 56,500.

மிஞ்சிய 150 கிலோவில், கடைசியாக வந்த 100 கிலோ ரூ. 260 வீதம் ரூ. 26,000. இரண்டாவது தடவை வந்ததில் எஞ்சிய 50 கிலோ ரூ. 190 வீதம் ரூ. 9,500. இறுதித் தொக்கு ரூ. 35,500. இரண்டையும் கூட்டினால் ரூ. 92,000 சரியாக வர வேண்டும், வருகிறது.

மொத்த இலாபம்: 72,000 – 56,500 = ரூ. 15,500. ஆளுக்கு ரூ. 7,750.

இம்முறைக்குச் சிட்டைகள் ஒழுங்காக இருந்தால் போதும். கணக்கு முடிக்கும் நாளில் மிச்சத்தை நிறுத்துப் பார்த்துவிட்டு, கடைசிச் சிட்டையிலிருந்து பின்னோக்கிச் சென்று அந்த அளவு நிரம்பும் வரை விலைகளை எடுத்தால் தொக்கின் பெறுமதி கிடைத்துவிடும். நடுவில் ஒவ்வொரு நாளும் கணக்குப் போட வேண்டியதில்லை.

சராசரி முறை: அதிலும் இரண்டு வழி

சராசரி என்றவுடன் பலர் மூன்று விலைகளையும் கூட்டி மூன்றால் வகுத்துவிடுகிறார்கள். 140, 190, 260 ஆகியவற்றைக் கூட்டி வகுத்தால் ஏறத்தாழ 197 வரும். இது தவறு. 200 கிலோ வாங்கிய விலைக்கும் 100 கிலோ வாங்கிய விலைக்கும் ஒரே நிறை கொடுத்துவிட்டோம். மொத்தக் கிரயத்தை மொத்த அளவால் வகுக்க வேண்டும்: 92,000 ÷ 500 = ரூ. 184. இதையே நிறையேற்றிய சராசரி என்கிறோம். இதன்படி மிஞ்சிய 150 கிலோவின் பெறுமதி ரூ. 27,600. விற்பனைக் கிரயம் ரூ. 64,400. மொத்த இலாபம் ரூ. 7,600. ஆளுக்கு ரூ. 3,800.

அதே கடை, அதே சீனி, அதே விற்பனை. ஆனால் இலாபம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

இங்கே ஒரு குறை இருக்கிறது. முதல் 150 கிலோவை விற்ற நாளில் ரூ. 260 என்ற விலை யாருக்குமே தெரியாது. ஆனாலும் காலம் முழுவதையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்ததால், மார்ச்சில் விற்ற சீனியின் மீதும் ஜூன் விலையின் ஒரு பகுதி ஏறிவிட்டது. விலை மெதுவாக நகரும் காலத்தில் இது பெரிய பிழை அல்ல. விலை ஓடும் காலத்தில் பெரிய பிழை.

ஆகவே இரண்டாவது வழி ஒன்று உண்டு. அது நகரும் சராசரி. ஒவ்வொரு தடவை சரக்கு வந்து இறங்கும்போதும், அப்போது கடையில் இருக்கும் மிச்சத்தோடு புதிய சரக்கைச் சேர்த்துப் புதிய சராசரி எடுக்க வேண்டும். அடுத்த சரக்கு வரும்வரை விற்பதெல்லாம் அந்த விலையிலேயே போகும். நமது சீனிக்கு அதைச் செய்து பார்ப்போம்.

முதல் 200 கிலோவில் 150 போனபின் மிச்சம் 50 கிலோ, ரூ. 140 வீதம் ரூ. 7,000.

அதனோடு 200 கிலோ, ரூ. 38,000 சேர்கிறது. இப்போது 250 கிலோ, ரூ. 45,000. புதிய சராசரி ரூ. 180.

150 கிலோ விற்றபின் மிச்சம் 100 கிலோ, ரூ. 18,000.

அதனோடு 100 கிலோ, ரூ. 26,000 சேர்கிறது. இப்போது 200 கிலோ, ரூ. 44,000. புதிய சராசரி ரூ. 220.

50 கிலோ விற்றபின் மிச்சம் 150 கிலோ, ரூ. 33,000.

விற்பனைக் கிரயம்: 92,000 – 33,000 = ரூ. 59,000. மொத்த இலாபம் ரூ. 13,000. ஆளுக்கு ரூ. 6,500. முந்திய இரண்டு விடைகளுக்கும் நடுவில் இது நிற்கிறது.

இதற்கு ஒரு கொப்பியில் சாமானுக்கு ஒரு பக்கமும், அந்தப் பக்கத்தில் அளவு, விலை, பெறுமதி என்று மூன்று நிரல்களும் போதும். சரக்கு வரும் நாளில் ஒரு வகுத்தல். ஆனால் அந்த நாளில் மிச்சத்தை நிறுத்துப் பார்த்தே ஆக வேண்டும். அதைச் செய்யாதவர் இம்முறையைத் தொடக்கூடாது.

இலாபம் எங்கே போனது?

ரூ. 15,500, ரூ. 7,600, ரூ. 13,000 என்ற மூன்றில் எது உண்மையான இலாபம் என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை காண மிஞ்சிய 150 கிலோவும் அடுத்த காலத்தில் ரூ. 300 வீதம் விற்றுத் தீர்ந்தது என்று கொள்வோம். வரும் பணம் ரூ. 45,000. இந்தக் காலத்தின் இறுதித் தொக்குத்தான் அடுத்த காலத்தின் ஆரம்பத் தொக்கு.

முதலில் வந்தது முதலில் போகும் முறையில் அடுத்த கால இலாபம் 45,000 – 35,500 = ரூ. 9,500. இரண்டு காலமும் சேர்ந்து ரூ. 25,000.

காலம் முழுவதுக்குமான சராசரியில் 45,000 – 27,600 = ரூ. 17,400. சேர்ந்து ரூ. 25,000.

நகரும் சராசரியில் 45,000 – 33,000 = ரூ. 12,000. சேர்ந்து ரூ. 25,000.

முறை எதுவானாலும் மொத்த இலாபம் ஒன்றே. எந்தக் காலத்தில் எவ்வளவு தெரிகிறது என்பதே மாறுகிறது. அப்படியானால் ஏன் இவ்வளவு கவலை என்று நினைக்கலாம். இரண்டு காலத்துக்கும் இடையில் கடையின் சொந்தக்காரர் மாறினால்தான் வினை தொடங்குகிறது.

நமது மைத்துனர்மாரில் ஒருவர் ஜூன் முடிவில் பங்கை முடித்துக்கொண்டு மீண்டும் கடலுக்குப் போக விரும்புகிறார். “மச்சான், கடைசியாக 260க்கு இறக்கின சீனி அல்லவா நிற்கிறது? அதற்கு 184 போடுவது என்ன நியாயம்?” என்று அவர் கேட்பார். கடையில் தங்குபவரோ, “எல்லாச் சீனியும் ஒரே பீப்பாவில் கிடக்கிறது. எது 140, எது 260 என்று யார் கண்டது? சராசரிதான் சரி” என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் முறைக்கு முறை போகிறவரின் பங்கில் ரூ. 3,950 வித்தியாசம் வருகிறது. இது சீனியில் மட்டும். கடையில் இப்படி 30, 40 சாமான் இருந்தால் அந்த வித்தியாசம் ஒரு குடும்பத்தை இன்னொரு குடும்பத்தின் வாசலை மிதிக்காமல் செய்துவிடும். பிரிகிற நாளில் முறையைத் தேடினால், ஒவ்வொருவரும் தமக்கு நன்மையான முறையையே கண்டுபிடிப்பார்கள்.

ஆகையால் இதைச் சேருகிற நாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். நமது நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடமை எழுத்தில் இருந்து கையொப்பம் இடப்பட வேண்டும். இன்று 1,000 ரூபாவுக்குள் எந்தக் கடையும் தொடங்க முடியாது. எனவே எப்படியும் ஒரு பத்திரம் எழுதத்தான் போகிறீர்கள். அதில் இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள். முதலாவது வரி, காலத்துக்குக் காலம் இலாபம் காண்பதற்கு எந்த முறை என்பது. இரண்டாவது வரி, ஒருவர் விலகும்போது மட்டும் தொக்கை நிறுத்து, அன்று கற்பிட்டியில் வாங்கி இங்கே இறக்க என்ன செலவாகுமோ அந்த விலையில் மதிப்பது என்பது. நமது கணக்கில் அது 150 கிலோவுக்கு ரூ. 39,000. விலையேற்றத்தின் பலன் இருவரும் சேர்ந்து இருந்த காலத்தில் வந்தது; எனவே அது இருவருக்கும் உரியது. தங்குபவரும் அதே விலைக்குத்தான் வெளியில் வாங்க முடியும் என்பதால் அவருக்கும் நட்டம் இல்லை. விலை இறங்கியிருந்தால் அந்த இழப்பையும் இருவரும் சமமாகச் சுமப்பார்கள்.

இலாபம் என்று எடுத்த பணம்

விலையேறும் காலத்தில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. முதல் முறைப்படி ரூ. 15,500 இலாபம் என்று கண்டு, அதை இருவரும் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். சீனி விற்று வந்த ரூ. 72,000இல் மிச்சம் ரூ. 56,500. அதைக் கொண்டு கிலோ ரூ. 260 வீதம் வாங்கினால் 217 கிலோதான் வரும். விற்றதோ 350 கிலோ. கால முழுச் சராசரிப்படி ரூ. 7,600 மட்டும் எடுத்திருந்தாலும் 247 கிலோவுக்கு மேல் வராது. ஒரு சதமும் எடுக்காமல் ரூ. 72,000ஐயும் போட்டால்கூட 276 கிலோவோடு நின்றுவிடும்.

அதாவது, எந்த முறையில் கணக்கிட்டாலும் அந்த இலாபம் முழுவதும் விலையேற்றம் விழுங்கிய பணமே. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. அத்தகைய காலத்தில் இலாபக் கணக்கு நன்றாக இருக்க, கடையின் தட்டுகள் மட்டும் வெறுமையாகிக்கொண்டு போவதற்குக் காரணம் இதுவே. சராசரி முறை இலாபத்தைக் குறைத்துக் காட்டுவதால் கையைக் கொஞ்சம் கட்டிவைக்கும். ஆனால் நோயைத் தீர்க்காது. தீர்க்க வேண்டுமானால், கணக்கு முடிந்ததும் இன்னொரு சோதனை செய்யுங்கள்: விற்ற அளவை இன்றைய விலையில் மறுபடி வாங்க எவ்வளவு வேண்டும்? அதை ஒதுக்கியபின் மிஞ்சுவதை மட்டும் வீட்டுக்கு எடுங்கள். மிஞ்சாவிட்டால், இலாபம் எழுதியிருந்தாலும் எடுக்காதீர்கள்.

விலை இறங்கினால்

எப்போதும் விலை ஏறும் என்று எண்ணவும் கூடாது. அதே சுட்டெண்படி 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாகத் தணிந்தது. 2024 செப்டெம்பரில் பொதுவான விலைமட்டம் முந்திய ஆண்டைவிடச் சற்று இறங்கியே இருந்தது. விலை இறங்கும்போது தராசு மறுபக்கம் சாயும். முதலில் வந்தது முதலில் போகும் முறையில் பழைய, விலை கூடிய சரக்கு விற்பனைக்குப் போவதால் இலாபம் குறைந்து தெரியும். சராசரி முறையில் பழைய விலையின் ஒரு பகுதி தொக்கிலேயே தங்குவதால் இலாபம் சற்றுக் கூடித் தெரியும்.

இங்கே இரு முறைகளுக்கும் மேலாக ஒரு விதி உண்டு. தொக்கை அதன் கிரயத்திலோ, விற்றால் செலவு போகக் கையில் வரும் பெறுமதியிலோ, இரண்டில் எது குறைவோ அதிலேயே எழுத வேண்டும். நமது 150 கிலோவில் 20 கிலோ மழையில் நனைந்து கட்டிபட்டுப் போயிற்று என்று வையுங்கள். நகரும் சராசரிப்படி அதன் கிரயம் கிலோ ரூ. 220, மொத்தம் ரூ. 4,400. தேநீர்க் கடைக்காரர் ரூ. 150 வீதம் எடுத்துக்கொள்வார் என்றால் ரூ. 3,000தான் வரும். அந்த 20 கிலோவைப் பிரித்து ரூ. 3,000 என்றே எழுத வேண்டும். தொக்கு ரூ. 33,000இலிருந்து ரூ. 31,600 ஆகும், இலாபம் ரூ. 1,400 குறையும். மாறாக, கிரயத்தைவிட விற்பனை விலை கூடி இருக்கிறது என்பதற்காகத் தொக்கை ஏற்றி எழுதக் கூடாது. விற்காத சரக்கில் இலாபம் பிறப்பதில்லை.

எந்தச் சாமானுக்கு எது?

சாமானைத் தட்டிலிருந்து எடுப்பதும், கணக்கில் விலை போடுவதும் வேறு வேறு. கடையில் எப்போதும் பழையதையே முதலில் எடுத்து விற்க வேண்டும். இல்லாவிட்டால் அடி மூட்டை பழுதாகும். ஆனால் கணக்கு முறை அதையே பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

திகதி குறித்த பால்மா, பிஸ்கற், பற்றரி போன்றவற்றுக்கு முதலில் வந்தது முதலில் போகும் முறை இயல்பாகப் பொருந்தும். எது எப்போது வந்தது என்று பெட்டியே சொல்லும். வாங்கும் தடவைகளும் குறைவு. சீனி, அரிசி, உப்பு, எண்ணெய் போன்று ஒன்றன்மேல் ஒன்றைக் கொட்டிக் கலந்துவிடும் சாமானுக்கு நகரும் சராசரி பொருந்தும். கருவாட்டு வியாபாரி ஒருவர் பல படகுகளிடம் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்தால் அவருக்கும் சராசரியே இலகு. ஆனால் ஒவ்வொரு மீன் இனத்துக்கும் தனிப் பக்கம் வேண்டும். கட்டாக் கருவாட்டையும் சாளைக் கருவாட்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த விலை எந்த மீனுக்கும் பொருந்தாது.

2012 முதல் நமது நாட்டில் நடைமுறையில் உள்ள இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2, இந்த இரண்டு முறைகளையும் அனுமதிக்கிறது. ஒரே தன்மையும் பயன்பாடும் உள்ள சாமான்களுக்கு ஒரே முறையைக் கையாள வேண்டும் என்றும், தன்மை வேறுபட்டால் முறையும் வேறுபடலாம் என்றும் கூறுகிறது. கடைசியாக வந்ததே முதலில் போனது என்று கொள்ளும் மூன்றாவது முறைக்கு அதில் இடம் இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் அது இன்னும் வழக்கில் இருப்பதால் சில புத்தகங்களில் காணலாம். இங்கே பின்பற்றக் கூடாது. வருமான வரி செலுத்தும் அளவுக்கு வியாபாரம் வளர்ந்தவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் இவ்விரு முறைகளில் ஒன்றைத் தெரிந்துகொண்டால், ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி அதை மாற்ற முடியாது.

அப்படிக் கட்டுப்படுத்துவதற்கு நல்ல காரணம் உண்டு. ஜூன் முடிவில் முதல் முறைப்படி தொக்கு ரூ. 35,500 என்று எழுதி இலாபம் கண்டவர், ஜூலைத் தொடக்கத்தில் சராசரிக்கு மாறி அதே சீனியை ரூ. 27,600 என்று எழுதினால் என்ன நடக்கும்? நடுவில் உள்ள ரூ. 7,900 ஜூனிலும் ஒரு தடவை இலாபமாகிறது. சீனி விற்றபின் மறுபடியும் ஒரு தடவை இலாபமாகிறது. இல்லாத பணத்தை இரண்டாம் தடவை பங்கு போடுவார்கள். மாறாக எழுதினால் அதே தொகை கணக்கிலிருந்தே காணாமல் போகும். ஆகவே கணக்குக் கொப்பியைப் பார்க்க உங்களுக்கு நேரம் குறைவாக இருந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள்: சென்ற காலத்தின் இறுதித் தொக்கும் இந்தக் காலத்தின் ஆரம்பத் தொக்கும் ஒரே எண்ணாக இருக்கிறதா? இல்லையென்றால் மற்ற எந்தப் பக்கத்தையும் நம்ப வேண்டாம்.

கடைசியாக, எந்த முறையும் நிறுத்துப் பார்த்த அளவின் மீதே நிற்கிறது. கடன் கொப்பியில் எழுதிக் கொடுத்த சீனி தொக்கு அல்ல. அது வரவேண்டிய கடன். அடுப்படிக்கு எடுத்த சீனி விற்பனை அல்ல. அதைக் கிரய விலையில் எடுத்தவரின் பற்றாக எழுத வேண்டும். மைத்துனர்மாரின் பீப்பாவில் 150 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 138 கிலோ இருந்தால், 140ஆ 184ஆ 260ஆ என்று வாதிடுவதற்கு முன், அந்த 12 கிலோ யாருடைய வீட்டில் தேநீரானது என்பதை இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்கட்டும்.